காற்றாலை நிறுவனத்தின் கான்கால் பதிவு ஒரு தாளுக்குள் வந்த விதம்

பாளையங்கோட்டையில் நான் பணிபுரியும் தணிக்கையாளர் அலுவலகத்துக்கு வருகிறவர்களில், ராதாபுரம், பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்றாலைக்கு நிலம் கொடுத்த பிறகு காற்றாலை நிறுவனப் பங்குகளையும் வாங்கி வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. காலாண்டு முடிவுகளைப் பற்றி நிறுவன நிர்வாகம் பங்குச் சந்தை ஆய்வாளர்களோடு தொலைபேசியில் நடத்தும் கேள்வி பதில் கூட்டம்தான் கான்கால். அவர்களுக்காக ஒரு நிறுவனத்தின் ஜூலை–செப்டம்பர் காலாண்டுக் கான்கால் பதிவை ஒரே தாளில் தமிழில் சுருக்கிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்த வேலை நடந்த முறையை இங்கே பதிவு செய்கிறேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். எண்களையும் கணக்குப் போட்டுப் பார்க்க வசதியான வேறு முழு எண்களாக மாற்றியிருக்கிறேன். ஆகவே இவற்றை எந்த நிறுவனத்தோடும் பொருத்திப் பார்க்க வேண்டாம். கணக்கு நடந்த வழியை மட்டும் பார்த்தால் போதும்.

தாளில் மூன்று பகுதிகள் வர வேண்டும்: நடந்து முடிந்த காலாண்டின் முடிவுகள், வரும் காலம் பற்றி நிர்வாகம் சொன்னவை, ஆய்வாளர்கள் எழுப்பிய கவலைகள். மூன்றும் ஒரே பதிவில் கலந்து கிடந்தாலும், ஒவ்வொன்றையும் சரிபார்க்கும் இடம் வேறு. முடிவுகளைப் பங்குச் சந்தையில் தாக்கல் செய்த அறிக்கையோடும், வருங்காலக் கூற்றுகளை முந்தைய கான்கால் பதிவோடும், கவலைகளை அவற்றுக்குக் கிடைத்த பதிலோடும் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்று ஒப்பீடுகளையும் செய்யாமல் பதிவை மட்டும் படித்துச் சுருக்கினால், நிர்வாகம் எதை முதலில் சொன்னதோ அதுவே சுருக்கத்திலும் முதலில் வந்து உட்கார்ந்துவிடும்.

எனவே முதல் வேலை காகிதங்களைச் சேர்ப்பதுதான். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் விதிகளின்படி, கான்காலின் ஒலிப்பதிவை அடுத்த வர்த்தக நாளுக்கு முன்பாக அல்லது 24 மணி நேரத்துக்குள், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் வெளியிட வேண்டும். எழுத்துப் பதிவை ஐந்து வேலை நாட்களுக்குள் வெளியிட வேண்டும். இரண்டும் நிறுவனத்தின் இணையதளத்திலும் பங்குச் சந்தைத் தளத்திலும் கிடைக்கும். இவற்றோடு அந்தக் காலாண்டின் தாக்கல் அறிக்கை, முந்தைய காலாண்டின் கான்கால் பதிவு, போன ஆண்டு இதே காலாண்டின் தாக்கல் அறிக்கை ஆகிய மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டேன். கடைசியில் சொன்னது எதற்கு என்பது பாக்கித் தொகையைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

எழுத்துப் பதிவு பி.டி.எஃப். கோப்பாக இருந்தது. அதைச் சாதாரண எழுத்தாக மாற்றி, கேள்விகள் தொடங்கும் இடங்களையும், வருங்காலத்தைப் பற்றிய வரிகளையும் தனியே எடுத்தேன்.

```
pdftotext -layout concall_q2.pdf q2.txt
grep -n "Moderator:" q2.txt
grep -n -i -E "expect|target|guidance|hope|subject to" q2.txt > outlook.txt
```

இந்தத் தேடல் வரிகளைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவும். ஒரு கூற்றின் நிபந்தனை பெரும்பாலும் அடுத்த வரியிலோ, வேறொருவர் கேட்ட கேள்விக்கான பதிலிலோதான் இருக்கும் என்பதால், வரி எண்ணை வைத்துக்கொண்டு முழுப் பத்தியையும் படித்தேன்.

முடிவுகளில் இருந்து தொடங்கினேன். நிர்வாக இயக்குநர் தம் தொடக்க உரையில், வருவாய் 40 சதவீதம் உயர்ந்து ₹210 கோடி ஆனது என்றார். எண் தவறில்லை, ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வருவாய் ₹150 கோடி. ஆனால் காற்றாலைக்கு அந்த ஒப்பீடு எதையும் சொல்வதில்லை. குற்றாலத்தில் சாரல் விழச் செய்யும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கயத்தாறு பக்கத்துக்கும், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தல், ராதாபுரம் பக்கத்துக்கும் வருகிறது. மே மாதத்தில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கும் அந்தக் காற்று, ஜூலை–செப்டம்பர் காலாண்டு முழுவதும் வீசுகிறது. முந்தைய காலாண்டிலோ ஒரு பகுதியில்தான் வீசுகிறது. ஆகவே போன ஆண்டின் இதே காலாண்டோடுதான் ஒப்பிட வேண்டும். அப்போதைய வருவாய் ₹200 கோடி என்பதால், உண்மையான உயர்வு 5 சதவீதம். தாளில் 5 சதவீதத்தை எழுதி, 40 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வாக்கியத்தில் சொன்னேன். அந்த எண்ணைக் கேள்விப்பட்டவர்கள் குழம்பக் கூடாது என்பதால் அதை அடியோடு விட்டுவிடவில்லை.

உற்பத்தி எண் கையில் இருந்தால் வருவாயை வேறொரு வழியிலும் சோதிக்கலாம். நிறுவனத்தின் திறன் 500 மெகாவாட். காலாண்டில் 92 நாட்கள், அதாவது 2,208 மணி நேரம். முழுத் திறனில் ஓடியிருந்தால் 110.4 கோடி யூனிட் கிடைத்திருக்கும். நிர்வாகம் சொன்ன உற்பத்தி 46.4 கோடி யூனிட். அது 42 சதவீதம். முழுத் திறனில் எத்தனை சதவீதம் உற்பத்தியானது என்பதைக் காட்டும் பி.எல்.எஃப். என்று அவர்கள் சொன்ன அளவும் அதுவேதான். ₹210 கோடியை 46.4 கோடியால் வகுத்தால் யூனிட்டுக்குச் சராசரியாக ₹4.53 வருகிறது. போன ஆண்டு 44 கோடி யூனிட்டுக்கு ₹200 கோடி வந்திருந்ததால், விலை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 5 சதவீத உயர்வும் அதிக யூனிட்டால் வந்ததே என்று இந்தச் சிறு கணக்கு காட்டிவிடுகிறது.

லாபத்தில்தான் கூடுதல் கவனம் தேவைப்பட்டது. வரிக்கு முந்தைய லாபம் ₹70 கோடியிலிருந்து ₹80 கோடிக்கு உயர்ந்ததாகவும், வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிப்பதற்கு முந்தைய லாபமான எபிட்டா வருவாயில் 80 சதவீதம் என்றும் உரையில் சொன்னார்கள். எபிட்டா என்பது இந்தியக் கணக்கியல் தரநிலைகள் வரையறுத்த எண் அல்ல. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கணக்கிடலாம். அறிக்கையின் அடிக்குறிப்பைப் பார்த்தபோது, இதர வருமானத்தில் ₹16 கோடி, பழைய மின்கட்டணப் பாக்கி தாமதமாகக் கிடைத்ததற்கான கூடுதல் கட்டணம் என்று இருந்தது. 2022-ஆம் ஆண்டின் மின்சாரத் தாமதக் கட்டண விதிகள், மின் பகிர்மான நிறுவனங்கள் தங்கள் பழைய பாக்கியை அதிகபட்சம் 48 மாதத் தவணைகளில் அடைக்க வழி செய்தன; அதையொட்டிய வசூல் இத்தகைய வருமானத்தைத் தருவது புதிதல்ல, ஆனால் ஒவ்வொரு காலாண்டும் வரக்கூடியதும் அல்ல. அதைக் கழித்தால் வரிக்கு முந்தைய லாபம் ₹64 கோடி; போன ஆண்டை விட ₹6 கோடி குறைவு. எபிட்டாவும் ₹168 கோடியிலிருந்து ₹152 கோடியாகி, 80 சதவீதம் என்பது 72 சதவீதமாகிறது. போன ஆண்டு அது 77 சதவீதம். உயர்வு என்று சொல்லப்பட்ட இடத்தில் இருப்பது இறக்கம்; தாளின் முடிவுகள் பகுதியில் வாசகர் கட்டாயம் காண வேண்டிய வரி இதுவே என்று நினைக்கிறேன்.

வருங்காலக் கூற்றுகளுக்கு வரும்போது, ஒவ்வொன்றையும் யார் சொன்னார், எந்த அளவு உறுதியோடு சொன்னார், எந்த நிபந்தனையோடு சொன்னார் என்று பிரித்து எழுதினேன். நிதித் தலைமை அதிகாரி, முழு ஆண்டு வருவாய் ₹520 கோடி அளவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பதாகச் சொன்னார். தனியே படித்தால் இது நல்ல செய்தி. போன ஆண்டு வருவாய் ₹495 கோடிதான். ஆனால் முந்தைய கான்கால் பதிவில் அதே அதிகாரி ₹540 முதல் ₹560 கோடி என்று சொல்லியிருக்கிறார். இலக்கைக் குறைத்துவிட்டதாக இந்த முறை யாரும் வாய்திறந்து சொல்லவில்லை. கேள்வி கேட்டவர்களும் கேட்கவில்லை. முந்தைய பதிவைப் பக்கத்தில் வைத்துப் படிக்காதவருக்கு இந்தக் குறைவு தெரியவே வாய்ப்பில்லை. அரையாண்டில் ஏற்கெனவே ₹360 கோடி வந்துவிட்டதால், மீதி அரையாண்டில் ₹160 கோடி வர வேண்டும். போன ஆண்டின் பின் அரையாண்டில் ₹150 கோடி வந்திருக்கிறது. ஆகவே புதிய எண் எட்டக்கூடியதுதான் என்பதையும் நேர்மையாகச் சேர்த்து எழுதினேன்.

அடுத்த கூற்று பழைய காற்றாலைகளை அகற்றிப் புதியவற்றை நிறுவும் திட்டம். இந்தப் பக்கத்தில் ஆரம்ப காலத்தில் நிறுவப்பட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன; 2024-இல் தமிழக அரசு இவற்றின் புதுப்பிப்புக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டது. எழுத்துப் பதிவில் ஓரிடத்தில் முதல் கட்டம் 50 மெகாவாட் என்றும், பத்துப் பக்கம் தள்ளி 15 மெகாவாட் என்றும் இருந்தது. ஆங்கிலத்தில் பதினைந்தும் ஐம்பதும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதால், கான்கால் பதிவுகளில் இந்தத் தடுமாற்றம் அடிக்கடி நேர்கிறது. அகற்றப்போவது 250 கிலோவாட் இயந்திரங்கள் அறுபது என்று வேறோர் இடத்தில் சொன்னதால், அது 15 மெகாவாட் ஆகிறது. செலவு ₹120 கோடி என்றார்கள். 15 மெகாவாட்டுக்கு அது மெகாவாட்டுக்கு ₹8 கோடி, நம்பக்கூடிய அளவு. 50 என்றால் ₹2.4 கோடிதான் வருகிறது. அந்த விலைக்குப் புதிய காற்றாலை கிடைக்காது. இவ்வளவு தெரிந்த பிறகும், ஒலிப்பதிவில் அந்த நிமிடத்தைக் கேட்டு, பதினைந்து என்பதை உறுதி செய்துகொண்டேன். அடுத்த காற்றுப் பருவத்துக்குள் இயங்கும் என்று இயக்குநர் சொன்னதை, மின்சாரத்தைக் கொண்டு செல்லும் பொதுக் கட்டமைப்பான மின்தொடரில் இணைப்பு அனுமதி கிடைத்தால் என்ற அவருடைய நிபந்தனையோடு சேர்த்தே எழுதினேன்.

இதே திட்டத்தில் இன்னொரு கண்ணியும் இருந்தது. ஓர் ஆய்வாளர், "அப்படியானால் ₹90 கோடி கடன் வரும், சரிதானே?" என்று கேட்க, நிதி அதிகாரி, "கிட்டத்தட்ட அந்த அளவில்தான், இன்னும் இறுதியாகவில்லை" என்றார். 90 என்ற எண் ஆய்வாளருடையது. அதை நிறுவனம் அறிவித்த கடன் அளவு என்று எழுதுவது பிழை. "ஆய்வாளர் சொன்ன ₹90 கோடியை நிர்வாகம் மறுக்கவில்லை, இறுதியாகவில்லை என்றது" என்று எழுதினேன். கேள்விக்குள் எண்ணை வைத்துக் கேட்பது ஆய்வாளர்களின் வழக்கம் என்பதால், கேள்வி பதில் பகுதியில் காணும் ஒவ்வோர் எண்ணும் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்கத்தான் வேண்டும்.

கவலைகள் பகுதிதான் நிறைய நேரம் எடுத்தது. கேள்வி கேட்டவர்கள் ஒன்பது பேர். ஒவ்வொருவரும் இரண்டு மூன்று கேள்விகளை ஒன்றாகக் கோத்துக் கேட்டதால், முதலில் அவற்றைப் பிரித்தேன். பாராட்டுகளையும், எண்ணைத் திரும்பச் சொல்லச் சொன்ன கேள்விகளையும் நீக்கினேன். பிறகு, வேறு வேறு வார்த்தைகளில் கேட்கப்பட்டாலும் ஒரே பொருளைத் தொடும் கேள்விகளை ஒன்று சேர்த்து, ஒவ்வொன்றின் எதிரிலும் பதிலின் நிலையைக் குறித்தேன்: எண்ணோடு பதில் வந்ததா, எண் இல்லாத பதிலா, வேறு பொருளுக்குப் போய்விட்ட பதிலா, பிறகு தருவதாகச் சொன்னதா என்று. ஒரு கவலையின் எடையை, அதை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைக் காட்டிலும், பதில் வந்த பிறகும் அடுத்தவர் ஏன் அதையே திரும்பக் கேட்டார் என்பதை வைத்துத்தான் தீர்மானித்தேன்.

அப்படிப் பார்த்தபோது மேலே வந்தது பேக்டவுன், அதாவது காற்று இருந்தும் மின்தொடரில் ஏற்றிக்கொள்ளாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வது. முதல் ஆய்வாளர், இதனால் எத்தனை யூனிட் இழப்பு என்று நேராகக் கேட்டார். இயக்குநர் புதிய துணை மின்நிலையங்களையும் மின்தடங்களையும் பற்றி விரிவாகப் பேசினார். யூனிட் கணக்கு வரவில்லை. அடுத்தவர், இயந்திரம் தயாராக இருந்த நேரம் எவ்வளவு, மின்தொடர் தயாராக இருந்த நேரம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டார். இயந்திரத்துக்கு 97 சதவீதம் என்று பதில் வந்தது, மின்தொடருக்கு வரவில்லை. மூன்றாமவர், ₹520 கோடி என்ற எண்ணில் இந்த இழப்பு அடங்கியிருக்கிறதா என்று கேட்டார். "ஓரளவு எடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்பதே பதில். மூன்று கேள்விகளும் பதிவில் மூன்று இடங்களில், மூன்று தலைப்புகளின் கீழ் கிடந்தன. ஒன்றாக வைத்தால்தான் ஒரே எண்ணைத் தேடி மூன்று பேர் போனதும், அது கிடைக்காததும் தெரிகிறது.

இந்தக் காலாண்டின் நடுவில், ராதாபுரம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் அலுவலகத்தில் சொன்னது எனக்கு நினைவிருந்தது: "தம்பி, நல்லா காத்து அடிச்ச நாள்லயும் எங்க ஊர்ல இறக்கை சும்மால்லா நின்னுச்சி." அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், பழுது பார்ப்பதற்காகவும் நிறுத்தியிருக்கலாம், அந்த இயந்திரம் வேறு நிறுவனத்துடையதாகவும் இருக்கலாம். கான்காலிலோ தாக்கல் அறிக்கைகளிலோ இல்லாத எதுவும் சுருக்கத்தில் வரக் கூடாது என்பதால் அதைத் தாளில் சேர்க்கவில்லை. சேர்க்கலாமே என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோதும் இதையே சொன்னேன்.

இரண்டாவது கவலை வரவேண்டிய பாக்கி. மார்ச் 31 அன்று ₹140 கோடியாக இருந்தது செப்டம்பர் 30 அன்று ₹190 கோடி ஆகியிருப்பதை ஓர் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். காற்றுப் பருவம் முடியும் நேரத்தில் பில்கள் உச்சத்தில் இருக்கும், ஆகவே இது இயல்பு என்று நிதி அதிகாரி சொன்னார். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் போன ஆண்டின் செப்டம்பர் அறிக்கை தேவைப்பட்டது. இந்த ஆண்டின் அரையாண்டு இருப்புநிலைக் குறிப்பு மார்ச் மாதத்தோடுதான் ஒப்பிடும், போன செப்டம்பரோடு ஒப்பிடாது. போன செப்டம்பரில் பாக்கி ₹165 கோடி. வருவாய் 5 சதவீதம் உயர்ந்த இடத்தில் பாக்கி 15 சதவீதம் உயர்ந்திருக்கிறது; பருவத்தால் மட்டும் இது வராது. பெரும்பகுதி 60 நாட்களுக்கு உட்பட்டதே என்றும் அவர் சொன்னார். காலாண்டு வருவாயை நாள் கணக்கில் பங்கிட்டால் 60 நாட்களுக்கு ₹137 கோடி வருகிறது. ஆகவே 'பெரும்பகுதி' என்பது பொய்யில்லை. ஆனால் ₹50 கோடிக்கு மேல் அதைவிடப் பழையதாக இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் காற்று மாறும் என்பதால் இது தோராயக் கணக்கு என்ற குறிப்போடு எழுதினேன்.

கூடுதல் கட்டண வருமானம் இனியும் வருமா என்ற கேள்விக்கு மட்டும் தெளிவான பதில் கிடைத்தது: வராது. மின் விற்பனை ஒப்பந்தங்கள் முடியும் ஆண்டுகளைக் கேட்ட ஒருவரிடம், தனியே தொடர்புகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் 'பதில் வரவில்லை' என்றே குறித்தேன். ஒருவருக்குத் தனியே கிடைக்கும் விவரம் மற்றப் பங்குதாரர்களுக்குக் கிடைத்ததாக ஆகாது.

தாளில் கடைசியாக அமைந்த வாசகம் இது:

*முடிவுகள்.* ஜூலை–செப்டம்பர் வருவாய் ₹210 கோடி. போன ஆண்டின் இதே காலத்தை விட 5 சதவீதம் அதிகம். (நிர்வாகம் சொன்ன 40 சதவீதம், காற்றுக் குறைந்த முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டது.) உயர்வு அதிக உற்பத்தியால் வந்தது, விலை ஏறக்குறைய மாறவில்லை. வரிக்கு முந்தைய லாபம் ₹80 கோடி. இதில் ஒருமுறை வந்த ₹16 கோடியை நீக்கினால் ₹64 கோடி. போன ஆண்டு ₹70 கோடி.

*வருங்காலம்.* ஆண்டு வருவாய் ₹520 கோடி என நிர்வாகம் எதிர்பார்க்கிறது. முந்தைய கான்காலில் ₹540–560 கோடி என்றது. குறைத்ததற்குக் காரணம் சொல்லவில்லை. பழைய காற்றாலைகளுக்குப் பதில் 15 மெகாவாட், ₹120 கோடி செலவில், மின்தொடர் அனுமதி கிடைத்தால், அடுத்த பருவத்துக்குள். கடன் அளவு இறுதியாகவில்லை.

*கவலைகள்.* பேக்டவுன் இழப்பு: மூவர் கேட்டும் யூனிட் கணக்குத் தரப்படவில்லை. பாக்கி ₹190 கோடி: பருவத்தால் என்றது நிர்வாகம், போன செப்டம்பரை விட 15 சதவீதம் அதிகம். ஒப்பந்தக் காலம்: பதில் வரவில்லை.

நிறுவனத்தின் கூற்றும் எங்கள் கணக்கும் கலந்துவிடாதபடி, நாங்கள் கணக்கிட்ட எண்களுக்கு அச்சில் அடிக்கோடு இட்டோம். பங்கை வாங்கலாமா, விற்கலாமா என்று தாளில் எதுவும் எழுதவில்லை. அது எங்களிடம் கேட்கப்பட்டதும் அல்ல.

அக்டோபர்–டிசம்பர் முடிவுகளை, காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள், அதாவது பிப்ரவரி 14-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தாளுக்கென்று இப்போதே மூன்று வரிகளை எழுதி வைத்திருக்கிறேன்: ₹160 கோடியில் எவ்வளவு வந்தது, காற்றுக் குறைந்த பிறகு பாக்கி ₹190 கோடியிலிருந்து எவ்வளவு இறங்கியது, பேக்டவுன் யூனிட் கணக்கை யாராவது மறுபடியும் கேட்டார்களா, இந்த முறை எண் வந்ததா.